புட் ஒப்ஷன் உங்கள் பங்குகளுக்குக் காப்புறுதி ஆகுமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, ரொறன்ரோவில் 22 ஆண்டுகள் வேலை செய்துவிட்டு இப்போது கொக்குவிலில் வந்து இருக்கிறேன். வேலை செய்த கொம்பனியின் 600 பங்குகள் கையில் உள்ளன. நியூயோர்க்கில் இப்போது ஒன்று 80 டொலர் போகிறது. பக்கத்துக் காணிக்கு அச்சாரம் கொடுத்துவிட்டேன். தைப்பொங்கல் கழிந்து உறுதி எழுதும்போது 60 இலட்சம் ரூபா, ஏறத்தாழ 20,000 டொலர், கொடுக்க வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் கொம்பனியின் காலாண்டு முடிவு வருகிறது. விலை சரிந்துவிடுமோ என்ற பயத்தில் நித்திரை இல்லை. விற்கவும் மனம் வரவில்லை. புட் ஒப்ஷன் வாங்கினால் காப்புறுதி போல என்று மருமகன் சொல்கிறார். ஜனவரி மாதத்து 75 டொலர் புட் 3.50 என்று திரையில் காட்டினார். 600 பங்குக்கு 600 வாங்க வேண்டுமா? விலை விழாவிட்டால் கட்டிய காசு திரும்புமா? விழுந்தால் ஜனவரி வரை காத்திருக்க வேண்டுமா? 75 டொலர் வந்ததும் தானாக விற்கும்படி உத்தரவு போட்டுவைத்தால் போதாதா? கொழும்பில் உள்ள என் வங்கிப் பங்குகளுக்கும் இப்படிச் செய்யலாமா? (கொக்குவில் வாசகர்)

பதில்: ஐயா, உங்கள் மருமகன் சொன்னதில் பிழையில்லை. பங்கைக் கையில் வைத்திருப்பவர் அதே பங்குக்குப் புட் ஒப்ஷன் வாங்கினால், குறித்த காலம் வரையில் குறித்த விலைக்குக் கீழே விழும் இழப்பு அவரைச் சேராது. ஆனால் காப்புறுதி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனதில் வாகனக் காப்புறுதியும் ஆயுட் காப்புறுதியும் வந்து நிற்கின்றன. உங்கள் கேள்விகளில் பாதி அந்த நினைவிலிருந்து பிறந்தவை என்பதால், எங்கே அது பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, உங்கள் காணி விடயத்துக்கு வருகிறேன்.

புட் ஒப்ஷன் என்பது விற்கும் உரிமை. ஜனவரி மாதத்து 75 டொலர் புட்டை வாங்கினால், அன்றிலிருந்து ஜனவரியின் முதிர்வு நாள் வரையில், சந்தையில் விலை எதுவாக இருந்தாலும், உங்கள் பங்கை 75 டொலருக்கு விற்கும் உரிமை உங்களுக்குக் கிடைக்கிறது. விற்றே ஆக வேண்டும் என்ற கடமை இல்லை. அந்த 75 டொலரை ஸ்ட்ரைக் விலை என்றும், உரிமைக்காக நீங்கள் கொடுக்கும் தொகையைப் பிரீமியம் என்றும் சொல்வார்கள். அமெரிக்கச் சந்தையில் தனிப்பட்ட நிறுவனப் பங்குகளின் ஒப்ஷன்களை முதிர்வு நாள் வரும் முன்னரே, எந்த வணிக நாளிலும், பயன்படுத்தலாம்.

இனி எண்ணிக்கை. திரையில் தெரியும் 3.50 என்பது ஒரு பங்குக்கான பிரீமியம். ஆனால் ஒரு ஒப்பந்தம் 100 பங்குகளைக் கொண்டது. ஆகவே ஒரு ஒப்பந்தத்தின் விலை 350 டொலர். உங்கள் 600 பங்குகளுக்கு 6 ஒப்பந்தங்கள் போதும். செலவு 2,100 டொலர். தரகுக் கட்டணம் இதற்கு மேலதிகமானது. நீங்கள் கேட்டதுபோல் 600 என்று அடித்துவிட்டால் அது 60,000 பங்குகளுக்கான உரிமை. விலை 210,000 டொலர். உங்கள் கணக்கில் அவ்வளவு பணம் இல்லாததால் அந்த உத்தரவு பெரும்பாலும் மறுக்கப்பட்டுவிடும். ஆனால் 6க்குப் பதில் 60 என்று அடித்தால் எல்லாக் கணக்கும் மறுக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

கட்டிய பணம் திரும்பாது

விலை விழாவிட்டால் பிரீமியம் திரும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். திரும்பாது. முதிர்வில் ஒரு தொகை கையில் வரும் ஆயுட் காப்புறுதிபோல் இதை எண்ணக்கூடாது. விபத்து நடக்காத வருடத்தில் மோட்டார் சைக்கிள் காப்புறுதிக்குக் கட்டிய பணம் எப்படிப் போகிறதோ, அப்படியே இதுவும் போய்விடும். அந்தக் காப்புறுதியில் முதற் பகுதிச் சேதத்தை நாமே ஏற்றுக்கொள்வது போன்ற ஒரு பகுதி இதிலும் உண்டு. பங்கின் இன்றைய விலை 80, ஸ்ட்ரைக் விலை 75 என்றால், முதல் 5 டொலர் வீழ்ச்சி முழுவதும் உங்களுடையது.

ஜனவரி முதிர்வு நாளில் என்ன நடக்கலாம் என்பதை 600 பங்குகளையும் வைத்தே கணக்கிட்டுப் பார்ப்போம். இன்று அவற்றின் பெறுமதி 48,000 டொலர். விலை 50க்கு விழுந்தால், புட் இல்லாதவரிடம் 30,000 டொலர் மிஞ்சும். உங்களிடம் பங்கொன்றுக்கு 75 டொலராக வரும் 45,000 டொலரிலிருந்து பிரீமியம் 2,100 கழித்து 42,900 மிஞ்சும். விலை 20க்கு விழுந்தாலும் அதே 42,900தான். விலை 95க்கு ஏறினால் 57,000இலிருந்து 2,100 கழியும். ஏற்றத்தின் பெரும்பகுதி உங்களுக்கே. இவை இரண்டிலும் பலருக்கு மனக்குறை வருவதில்லை. விலை 77க்கு வந்து நிற்கும் போதுதான் குறை வருகிறது: பங்கிலும் 1,800 டொலர் குறைந்திருக்கும், புட்டும் ஒரு சதம் பெறாமல் முடிந்திருக்கும், கையில் 44,100 மட்டுமே இருக்கும். இந்த நிலையை மனம் ஏற்றுக்கொள்ளாவிட்டால் புட் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஏனெனில் சாதாரணமான மூன்று நான்கு மாதங்களில் பங்கின் விலை பெரிதாக விழாமல், பெரிதாக ஏறாமல் நிற்பதுதான் அடிக்கடி நடப்பது.

ஸ்ட்ரைக் விலையைத் தெரிவு செய்வதும் இதே கணக்குத்தான். இப்படிப்பட்ட ஒரு பங்குக்கு 75 டொலர் புட் 3.50 விற்கும்போது, 80 டொலர் புட் 6 டொலருக்குக் கிட்டவும் 70 டொலர் புட் 2 டொலருக்குக் கிட்டவும் விற்கும் என்று எதிர்பார்க்கலாம். 80ஐ வாங்கினால் இன்றைய விலையே உறுதியாகிறது, ஆனால் பிரீமியம் கனக்கிறது. 70ஐ வாங்கினால் செலவு குறைகிறது, ஆனால் முதல் 10 டொலர் வீழ்ச்சி உங்கள் தலையில். இம்மூன்றில் எதுவும் இலாபகரமானது என்று சொல்ல முடியாது. எவ்வளவு இழப்பு வந்தால் உங்கள் திட்டம் உண்மையிலேயே குலையும் என்பதை வைத்தே தெரிவு செய்ய வேண்டும்.

பங்கு விழுந்தும் புட் ஏறாத நாள்

உங்கள் கடிதத்தில் கேட்கப்படாத ஒரு விடயத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புட் வாங்கியவர்கள் பிற்பாடு ஏமாற்றப்பட்டோமோ என்று சந்தேகப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பங்கு 4 டொலர் விழுந்தால் புட்டும் 4 டொலர் ஏறும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார். முதிர்வு நாளில், ஸ்ட்ரைக் விலைக்குக் கீழே, அது சரி. அதற்கு முன்னர் சரியல்ல. புட்டின் விலையில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஸ்ட்ரைக் விலை சந்தை விலையைவிட எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ அது உள்ளார்ந்த மதிப்பு. பங்கு இன்று 80இல் நிற்பதால் உங்கள் 75 டொலர் புட்டில் அது பூச்சியம். நீங்கள் கொடுக்கும் 3.50 முழுவதும் இரண்டாவது பகுதியான கால மதிப்பு. இன்னும் எவ்வளவு நாள் மிஞ்சியிருக்கிறது, அந்த நாட்களில் பங்கின் விலை எவ்வளவு தளம்பும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்ற இரண்டுமே முக்கியமாக இதை நிர்ணயிக்கின்றன.

காலாண்டு முடிவு வருவதற்கு முன்னர் எல்லோருக்கும் உங்களுக்கு இருக்கும் அதே பயம் இருக்கிறது. எல்லோரும் காப்புறுதி தேடுகிறார்கள், எதிர்பார்க்கப்படும் தளம்பல் உயர்கிறது, பிரீமியமும் உயர்கிறது. முடிவு வெளியாகி என்ன என்பது தெரிந்துவிட்ட மறுநாள் அந்தத் தளம்பல் எதிர்பார்ப்பு ஒரேயடியாக இறங்கிவிடும். இப்போது கணக்கைப் பாருங்கள். செப்டெம்பர் இறுதியில் 3.50 கொடுத்து வாங்குகிறீர்கள். நவம்பர் தொடக்கத்தில் முடிவு வந்து, பங்கு 80இலிருந்து 76க்கு இறங்குகிறது. ஐந்து வாரங்கள் கழிந்திருக்கின்றன; எதிர்பார்க்கப்படும் ஆண்டுத் தளம்பல் 35 வீதத்திலிருந்து 30 வீதமாகக் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புட்டின் விலை அப்போது ஏறத்தாழ 3.35 ஆக இருக்கும். பங்கில் 4 டொலர் போனது. காப்புறுதியும் 15 சதம் குறைந்துவிட்டது. இதில் யாருடைய மோசடியும் இல்லை. 75க்குக் கீழே போனால் மட்டுமே உங்களுக்குக் காப்பு என்பதுதான் ஒப்பந்தம். 76 என்பது உங்கள் பொறுப்பிலுள்ள பகுதிக்குள்ளேயே நிற்கிறது.

அதே நாளில் பங்கு 66க்கு விழுந்திருந்தால் கதை வேறு. உள்ளார்ந்த மதிப்பு மட்டுமே 9 டொலர். மிஞ்சிய காலத்துக்கும் ஏதோ கொஞ்சம் சேர்ந்து புட் 10 டொலரளவில் நிற்கக்கூடும். திடீரென்றும் ஆழமாகவும் விழும் வீழ்ச்சிக்கே புட் நல்ல மருந்து.

மெதுவாகத் தேயும் பங்குக்கு அது மருந்தல்ல. நான்கு மாதத்துக்கு 3.50 என்பது பங்கின் விலையில் 4 வீதத்துக்குச் சற்று மேல். அதையே வருடத்துக்கு மூன்று முறை புதுப்பித்தால் 13 வீதமளவு போய்விடும். அவ்வளவு வேகமாக ஆண்டுதோறும் வளரும் பங்குகள் அரிது. மேலும் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும் போதும் அன்றைய விலையை ஒட்டியே புதிய ஸ்ட்ரைக் விலையை எடுக்க வேண்டியிருக்கும். 80இல் நின்ற பங்கு 76க்கும், பிறகு 72க்கும், பிறகு 69க்கும் இறங்கிக்கொண்டே போனால், காப்பும் கூடவே இறங்கிவிடும். பிரீமியம் மட்டும் ஒவ்வொரு முறையும் போகும். ஆகவே குறிப்பிட்ட ஒரு திகதியும் குறிப்பிட்ட ஒரு பயமும் இருக்கும் போது மட்டும் புட் வாங்குவது நல்லது. உங்களுக்கு இப்போது இரண்டும் இருக்கின்றன.

இந்தப் பிரீமியம் ஏன் இவ்வளவு கனக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். சிகாகோ ஒப்ஷன் சந்தையில் 1977இல்தான் புட் வணிகம் தொடங்கியது. 1987 ஒக்டோபர் 19ஆம் திகதி அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் சுட்டெண் ஒரே நாளில் 22.6 வீதம் விழுந்தது. சந்தை விலைக்குக் கீழே ஸ்ட்ரைக் விலையுள்ள புட்களை மலிவாக விற்று வந்தவர்கள் அன்று பெரும் நட்டம் கண்டார்கள். அதன் பின்னர் அத்தகைய புட்களை எவரும் பழைய கணக்கின்படி மலிவாக விற்க முன்வருவதில்லை.

விலை விழுந்துவிட்டால் செய்ய வேண்டியது

ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. நவம்பரில் பங்கு 66, புட் 10 என்ற அதே நிலையை எடுத்துக்கொள்வோம். உங்கள் முன்னே மூன்று வழிகள் இருக்கும். எதையும் செய்யாமல் இருக்கலாம்; உரிமை ஜனவரி வரை உயிரோடு இருக்கும். புட்டை மட்டும் விற்று 10 டொலரைப் பெற்றுக்கொண்டு, பங்கு மீளும் என்ற நம்பிக்கையில் அதை வைத்திருக்கலாம். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து காப்பு இல்லை, 66 மேலும் விழுந்தால் அது முழுவதும் உங்களுடையது. அல்லது வெளியேறிவிடலாம்.

வெளியேறுவதில்தான் பலர் வீணாகப் பணத்தை விடுகிறார்கள். உரிமையைப் பயன்படுத்திப் பங்கை 75க்கு ஒப்படைப்பது ஒரு வழி. பங்கைச் சந்தையில் 66க்கு விற்று, புட்டையும் 10க்கு விற்றால் மொத்தம் 76 கிடைக்கும். பங்கொன்றுக்கு ஒரு டொலர் வித்தியாசம். 600 பங்குக்கு 600 டொலர். முன்கூட்டியே உரிமையைப் பயன்படுத்துபவர் மிஞ்சியிருக்கும் கால மதிப்பை இலவசமாக விட்டுவிடுகிறார் என்பதே காரணம். பங்கு மிக ஆழமாக விழுந்து, புட்டை வாங்க முன்வருபவர்கள் உள்ளார்ந்த மதிப்பைவிடக் குறைவாகவே கேட்கும்போது மட்டும் உரிமையைப் பயன்படுத்துவது மேல்.

முதிர்வு நாளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் மாதாந்த ஒப்ஷன்கள் வழமையாக அந்த மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை முதிர்கின்றன. அன்றைய முடிவு விலை ஸ்ட்ரைக் விலைக்கு ஒரு சதம் கீழே இருந்தாலும், நீங்கள் வேறு அறிவுறுத்தல் கொடுக்காவிட்டால் உரிமை தானாகவே பயன்படுத்தப்படும், விலை 74.90 என்றால் உங்கள் பங்குகள் 75க்கு விற்கப்பட்டுவிடும். பங்கை வைத்திருக்க விரும்பினால் அதற்கு முன் புட்டை விற்றுவிட வேண்டும், அல்லது தரகு நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லிவிட வேண்டும். ஜனவரியில் நியூயோர்க் சந்தை நம் நேரப்படி இரவு 8 மணிக்குத் திறந்து அதிகாலை 2.30க்கு மூடும். மூன்றாவது வெள்ளிக்கிழமை என்பது உங்களுக்குச் சனி அதிகாலை வரை நீளும் இரவு என்பதால், வியாழன் இரவே அலுவலை முடித்துவிடுங்கள்.

75இல் தானாக விற்கும் உத்தரவு

இந்த உத்தரவுக்குப் பிரீமியம் இல்லை. அதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் அது உங்களுக்கு 75 டொலரை உறுதி செய்வதில்லை. விலை 75ஐத் தொட்டதும் அல்லது தாண்டி விழுந்ததும் கிடைக்கும் விலைக்கு விற்கும்படியே அது சொல்கிறது. காலாண்டு முடிவுகள் பெரும்பாலும் சந்தை மூடிய பின்னரோ திறக்கும் முன்னரோ வெளியாகின்றன. மாலை 80இல் மூடிய பங்கு காலை 62இல் திறந்தால், இடையில் 75 என்ற விலையே இருக்காது. உங்கள் உத்தரவு 62ஐ ஒட்டிய விலைக்கு நிறைவேறும். 75க்குக் குறையாமல் விற்கவும் என்று எல்லை போட்டால் அது நிறைவேறாமலே கிடக்கும். எதிர்மாறாக, ஒரு நாள் 74.80க்கு இறங்கி மறுநாள் 82க்கு ஏறினாலும் உங்கள் பங்கு போய்விட்டிருக்கும். புட் வைத்திருப்பவரை அந்த ஒருநாள் சரிவு வெளியேற்றாது. நீங்கள் பயப்படுவது நவம்பரின் ஒரே ஒரு இரவுக்கு என்பதால், இந்த உத்தரவு அதற்குப் பொருத்தமற்றது.

காணிப் பணமும் மற்றைய பணமும்

உங்கள் கடிதத்தில் இரண்டு விதமான பணம் ஒரே பங்குகளுக்குள் கலந்து கிடக்கிறது. காணிக்குரிய 20,000 டொலர், ஜனவரியில் எப்படியும் கைமாற வேண்டிய பணம். கொடுக்கத் தவறினால் அச்சாரமும் போகலாம், காணியும் போகலாம். நான்கு மாதத்தில் செலவாகப் போகும் பணத்தைப் பங்கில் வைத்து, அதற்கு மேல் பிரீமியமும் கட்டிக் காப்பாற்றுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. அந்தப் பகுதிக்கு மிகவும் மலிவான காப்புறுதி, பங்கை விற்பதுதான். விற்க மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஜனவரியில் எப்படியும் விற்றுத்தானே காணிக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?

20,000 டொலருக்கு 250 பங்குகள் போதும். ஆனால் அப்படி விற்றால் 350 பங்குகள் மிஞ்சும். ஒப்ஷன் நூறு நூறாகவே இருப்பதால் 50 பங்குகள் காப்பின்றி நிற்கும். 300 பங்குகளை 80 டொலரில் விற்றால் 24,000 வரும். 20,000 காணிக்கு, மிஞ்சிய 300 பங்குகளுக்கு 3 ஒப்பந்தங்கள் வாங்க 1,050, மீதி 2,950 டொலர், பங்கு விற்றதற்கு வரி வந்தால் அதற்கும், முத்திரைத் தீர்வைக்கும், நொத்தாரிசின் கட்டணத்துக்கும் உதவும். அதன் பின் விலை எங்கு விழுந்தாலும் ஜனவரி முதிர்வு வரை 300 பங்குகளின் பெறுமதி 22,500 டொலருக்குக் கீழே போகாது. ஏறினால் அந்த 300இன் ஏற்றமும் உங்களுடையது.

1,050 டொலரும் கூடுதல் என்று தோன்றினால் இன்னொரு வழி உண்டு: அதே ஜனவரி மாதத்து 90 டொலர் கோல் ஒப்ஷனை விற்பது. அதாவது 90 டொலருக்கு உங்கள் பங்கை வாங்கும் உரிமையை வேறொருவருக்குக் கொடுத்து, பங்கொன்றுக்கு 2.50 அளவில் பெற்று, புட்டின் செலவை ஒரு டொலராகக் குறைப்பது. விலை 110க்குப் போனாலும் நீங்கள் 90க்கே கொடுக்க வேண்டும் என்பது அதன் விலை. ஏற்றத்தை எதிர்பார்த்தே விற்க மறுக்கும் உங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்கிறேன்.

காணியின் விலை ரூபாயில் இருப்பதையும் மறக்க வேண்டாம். புட் டொலர் விலையை மட்டும் காக்கும்; ரூபாயின் பெறுமதி மாறினால் அது தலையிடாது. 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360 ரூபாய் வரை போனது. எதிர்த்திசையில் சிறிய அசைவு வந்தாலும் 60 இலட்சத்துக்குத் தேவையான டொலர் கூடிவிடும். விற்ற பணத்தில் ஒரு பகுதியையாவது முன்கூட்டியே கொண்டுவந்து மாற்றிக்கொள்வது நல்லது.

உத்தரவு போடுவதற்கு முன்னர்

முதலில் உங்கள் பங்குகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஊழியர் பங்குத் திட்டத்தில் கிடைத்தவை பலருக்கு இன்னும் அத்திட்டத்தின் நிர்வாகக் கணக்கிலேயே கிடக்கும். அங்கே ஒப்ஷன் வாங்க முடியாது. வேறொரு தரகுக் கணக்கில் புட்டை வாங்கி, பங்குகள் திட்டக் கணக்கிலேயே இருந்தால், முதிர்வில் உரிமை தானாகப் பயன்படுத்தப்படும்போது அந்தத் தரகுக் கணக்கில் இல்லாத பங்கை நீங்கள் விற்றதாகிவிடும். இரண்டும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். பங்குகளை மாற்ற நாட்கள் பிடிக்கும் என்பதால் இந்த வாரமே தொடங்குங்கள். சில நிறுவனங்கள் தங்கள் ஊழியர்கள் சொந்தப் பங்குக்குப் புட் வாங்குவதைத் தடை செய்கின்றன. நீங்கள் விலகிவிட்டாலும், விலகும்போது கையெழுத்திட்ட பத்திரத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

அடுத்து, தரகு நிறுவனம் உங்கள் கணக்குக்கு ஒப்ஷன் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். இலங்கை முகவரிக்கு மாறியவர்களுக்குச் சில நிறுவனங்கள் அதைத் தருவதில்லை. மறைக்காமல் கேட்டு அறியுங்கள். மகளின் பெயரிலோ மருமகனின் பெயரிலோ உள்ள கணக்கில் வாங்கினால், முன்னே சொன்ன பிரச்சினையோடு வரிப் பிரச்சினையும் சேரும். பிரீமியத்தை அங்கே கணக்கிலுள்ள பணத்திலிருந்தே கட்டுங்கள். இங்கிருந்து அனுப்ப நினைத்தால் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் விதிகள் வந்துவிடும். அதை வங்கியில் கேட்காமல் செய்யக்கூடாது.

உத்தரவுத் திரையில் `Buy to Open` என்பதைத் தெரிவு செய்யுங்கள். அதற்குப் பக்கத்திலேயே `Sell to Open` இருக்கும். அதை அழுத்தினால் புட்டை விற்றவராகி, கையிலுள்ள பங்குகளோடு இன்னும் 300 பங்குகளை 75 டொலருக்கு வாங்கும் கடமையையும் ஏற்றுவிடுவீர்கள். கணக்கில் பணம் வந்ததைப் பார்த்து மகிழ்ந்த பின்னரே அது தெரியவரும். எண்ணிக்கை `3`, வகை `Put`, ஸ்ட்ரைக் `75`, மாதம் ஜனவரி, உத்தரவு வகை `Limit`. வாங்குவோர் 3.30க்கும் விற்போர் 3.70க்கும் நிற்கும்போது திரையில் இடைவிலையாக 3.50 தெரியலாம். `Market` என்று போட்டால் 3.70 கொடுத்துவிடுவீர்கள், 300 பங்குக்கு 60 டொலர் வீண். 3.50க்கு எல்லை போட்டு, நிறைவேறாவிட்டால் ஐந்து சதமாகக் கூட்டிப் பாருங்கள்.

கொழும்புப் பங்குச் சந்தையில் உள்ள உங்கள் வங்கிப் பங்குகளுக்கு இந்த வழி இல்லை. அங்கே பங்கு ஒப்ஷன் வணிகம் நடப்பதில்லை. இங்கேயே தனிப்பட்ட முறையில் புட் எழுதித் தருகிறோம் என்று எவராவது வந்தால் கையெழுத்திட வேண்டாம். விலை விழும் நாளில் அவர் பணம் தருவார் என்பதற்கு உறுதியளித்து இடையில் நிற்கும் தீர்வகம் எதுவும் இல்லை. அமெரிக்கச் சந்தையில் அந்த இடத்தில் ஒப்ஷன் தீர்வகம் நிற்கிறது. கொழும்பில் விலை எல்லை உத்தரவை நம்பியிருப்பதும் பயப்படும் நாளில் பலன் தராமல் போகலாம்: 2022 ஏப்ரல் 18இலிருந்து ஐந்து வணிக நாட்கள் சந்தையே மூடப்பட்டிருந்தது, எவராலும் எந்த விலைக்கும் விற்க முடியவில்லை. அந்தப் பங்குகளில் எவ்வளவு விழுந்தால் தாங்க முடியாது என்று நினைக்கிறீர்களோ, அதற்கேற்ப எண்ணிக்கையைக் குறைத்து, விற்ற பணத்தை நிலையான வைப்பில் போடுவதைத் தவிர வேறு வழி இப்போதைக்கு இல்லை.